எந்த லேமன்?

2008 செப்டம்பர் 15, திங்கட்கிழமை. லண்டன் கேனரி வார்ஃபில் இருந்த லேமன் பிரதர்ஸ் இன்டர்நேஷனல் (யூரோப்) என்ற நிறுவனம் காலை எட்டு மணிக்குச் சற்று முன்பாக நீதிமன்ற நிர்வாகிகளின் கைக்குப் போனது. அதற்குச் சற்று முன்னரே, இன்னும் விடியாத நியூயார்க்கில், அதன் உச்சித் தாய் நிறுவனமான லேமன் பிரதர்ஸ் ஹோல்டிங்ஸின் திவால் மனு பதிவானது. அன்று காலை உலகத்தின் எல்லாப் பெரிய வங்கிகளிலும் மேலிடத்திலிருந்து ஒரே கேள்விதான் இறங்கி வந்தது: நமக்கு லேமனிடமிருந்து எவ்வளவு வரவேண்டும்?

கீழே இருந்தவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. தொகை தெரியாததை விடப் பெரிய சிக்கல், எந்த லேமன் என்பதே தெரியாததுதான். லேமன் குழுமத்தில் ஏறத்தாழ 3,000 நிறுவனங்கள் இருந்தன. நியூயார்க்கில் பங்குத் தரகு செய்த லேமன் பிரதர்ஸ் இன்க் ஒன்று. வட்டி விகித ஒப்பந்தங்களைப் போட்ட லேமன் பிரதர்ஸ் ஸ்பெஷல் ஃபைனான்சிங் இன்னொன்று. நெதர்லாந்தில் பதிவாகிக் கடன் பத்திரங்களை விற்ற லேமன் பிரதர்ஸ் ட்ரெஷரி மூன்றாவது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஒரு வங்கி. எல்லாவற்றின் பெயர்ப் பலகையும் ஒன்றுபோலவே இருந்தது, ஆனால் சட்டத்தின் கண்ணில் ஒவ்வொன்றும் தனி ஆள். ஒன்று பட்ட கடனுக்கு இன்னொன்று பொறுப்பாகாது. ஒவ்வொன்றும் தன் நாட்டு நீதிமன்றத்தில், தன் நாட்டுச் சட்டப்படி விழும்.

அன்று மாட்டிக்கொண்ட முதலீட்டு நிதிகளின் நிலையைப் பார்த்தால் இது புரியும். வாங்கி வைத்த பங்குகள் லண்டன் நிறுவனத்தின் காவலில் இருக்கும். ஒப்பந்தங்கள் ஸ்பெஷல் ஃபைனான்சிங்குடன் இருக்கும். கையிலுள்ள பத்திரம் நெதர்லாந்து நிறுவனம் வெளியிட்டதாக இருக்கும். இவற்றில் சிலவற்றுக்கு நியூயார்க் தாய் நிறுவனம் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருக்கும். நிதியின் சொந்தப் பேரேட்டில் மட்டும் எல்லாவற்றுக்கும் எதிரே ‘லேமன்’ என்று ஒரே சொல். பணத்தைக் கேட்டு மனுப் போடும்போது அந்தச் சொல்லால் பயனில்லை. லண்டன் நிர்வாகியிடம் போக வேண்டியது எது, நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது எது, உத்தரவாதத்தை வைத்து இரண்டு இடத்திலும் கேட்கக்கூடியது எது என்று ஒவ்வொரு ஒப்பந்தமாக எடுத்துப் பிரிக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்துக் கணினிகளில் நிறுவனங்கள் பதிவாகியிருந்த விதமும் இதற்குக் காரணம். ஒவ்வொரு வங்கியும் தன் வாடிக்கையாளருக்குத் தானே ஓர் எண் போட்டுக்கொண்டது. கடன் பிரிவில் ஓர் எண், பங்குச் சந்தைப் பிரிவில் வேறோர் எண். பணம் அனுப்பப் பயன்பட்ட ஸ்விஃப்ட் குறியீடு வங்கியையும் கிளையையும் காட்டுமே தவிர, சட்டப்படியான நிறுவனத்தைக் காட்டுவதற்காக உண்டானதல்ல. காசு கொடுத்து வாங்கும் தனியார் எண்களும் இருந்தன. அவற்றை வாங்காதவருக்கு அவை தெரியாது. மிச்சமெல்லாம் பெயர்தான். ஒருவர் முழுப் பெயரைத் தட்டச்சு செய்வார், ஒருவர் சுருக்குவார், ஒருவர் நாட்டின் பெயரை மட்டும் சேர்ப்பார். இரண்டு வங்கிகளின் கணக்கை ஒரு மேற்பார்வை அதிகாரி அருகருகே வைத்தால், இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒரே நிறுவனமா என்பதை உறுதி செய்ய வழியில்லை. அதனால் மொத்தக் கடனைக் கூட்ட முடியவில்லை.

அந்த அனுபவத்தின் நேரடிப் பிள்ளைதான் இன்றைய எல்இஐ, அதாவது சட்ட நிறுவன அடையாள எண். 2011இல் கான் நகரில் கூடிய ஜி-20 தலைவர்கள் இதற்கு ஆதரவு தந்தார்கள். 2012இல் ஐஎஸ்ஓ 17442 என்ற தரம் வெளியானது. 2014இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் இதை நடத்துவதற்காக க்ளீஃப் என்ற அறக்கட்டளை உருவானது. எண்ணை க்ளீஃப் நேரடியாகத் தருவதில்லை. அதன் அங்கீகாரம் பெற்ற வழங்கு நிறுவனங்கள் தருகின்றன. இந்தியாவில் கிளியரிங் கார்ப்பரேஷனின் துணை நிறுவனமான எல்இஐ இந்தியா அந்த வேலையைச் செய்கிறது. இன்று உலகில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு இந்த எண் உண்டு. எல்லாவற்றின் விவரமும் இலவசமாக, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது.

சரி, ஓர் எண்ணை எடுத்துப் படிப்போம். லேமனின் லண்டன் நிறுவனத்துக்கு இணையாக இன்று சொல்லத்தக்கது கோல்ட்மன் சாக்ஸ் இன்டர்நேஷனல். அதே நகரம், அதே மாதிரி அமெரிக்கத் தாய், அதே மாதிரி தொழில். அதன் எண் இது:

```
W22LROWP2IHZNBB6K528
```

இருபது இடங்கள். கடைசி இரண்டு, அதாவது 28, சரிபார்ப்பு இலக்கங்கள். A என்றால் 10, B என்றால் 11, அப்படியே Z என்றால் 35 என்று எழுத்துகளை எண்ணாக மாற்றி, முழுவதையும் ஒரே பெரிய எண்ணாகக் கோத்து 97ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். கையால் செய்யத் தேவையில்லை, ஒரு வரி போதும்:

```
python3 -c "s='W22LROWP2IHZNBB6K528'; print(int(''.join(str(int(c,36)) for c in s)) % 97)"
```

விடை 1 வரும். ஓர் எழுத்தைத் தவறாக அடித்தாலோ பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை மாற்றிப் போட்டாலோ ஏறக்குறைய எப்போதும் வேறு எண் வரும். இது தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும், அவ்வளவுதான். கணக்கில் தேறிய எண் உண்மையில் யாருக்காவது தரப்பட்டதா என்று இது சொல்லாது. போலி ஆவணம் தயாரிப்பவரும் 97ஆல் வகுக்கத் தெரிந்தவர்தான்.

முதல் நான்கு இடங்களைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. அவை எண்ணை வழங்கிய நிறுவனத்தின் முன்னொட்டு. எல்இஐ இந்தியா தரும் எண்கள் 335800 என்று தொடங்குவதைப் பார்த்தவர்கள், தொடக்கத்தை வைத்து நாட்டைச் சொல்லிவிடலாம் என்று எண்ணுகிறார்கள். சொல்ல முடியாது. ஒரு நிறுவனம் பிற்பாடு வேறு வழங்கு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம், எண் மாறாது. ஒரு நாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டில் உள்ள வழங்குநரிடம் வாங்குவதும் சாதாரணம். அதற்கும் மேலாக, முன்னொட்டு விதி வருவதற்கு முன் தரப்பட்ட எண்களில் தொடக்கத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. மேலே உள்ள W22L அப்படிப்பட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் HWUPKR0MPOU8FGXBT394 என்ற எண்ணும் அப்படியே. நம் ஊர்க் கம்பெனிகளின் சிஐஎன் எண்ணில் மாநிலம், பதிவான ஆண்டு, தொழில் வகை எல்லாம் பொதிந்திருக்கும். எல்இஐயில் வேண்டுமென்றே எதையும் பொதிக்கவில்லை. கம்பெனி பெயர் மாறும், நாடு மாறும், கை மாறும். மாறக்கூடிய எதையும் எண்ணுக்குள் வைத்தால் ஒருநாள் எண்ணே பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

ஆகவே எண்ணை க்ளீஃபின் தேடல் பக்கத்தில் போட்டு, அதன் பின்னால் உள்ள பதிவைத்தான் படிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் முதல் பகுதி இப்படி இருக்கும்:

```
legalName      GOLDMAN SACHS INTERNATIONAL
registeredAt   RA000585
registeredAs   02263951
jurisdiction   GB
```

பலரும் பெயரையும் முகவரியையும் பார்த்துவிட்டு registeredAt என்ற வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுதான். RA என்று தொடங்கும் எண், இந்த நிறுவனம் எந்த அரசுப் பதிவகத்தில் பிறந்தது என்பதைச் சொல்கிறது. உலகம் முழுவதும் உள்ள கம்பெனிப் பதிவகங்களுக்கு க்ளீஃப் இப்படி எண் கொடுத்துப் பட்டியல் வைத்திருக்கிறது. RA000585 என்பது இங்கிலாந்து, வேல்ஸுக்கான கம்பெனீஸ் ஹவுஸ். ஸ்காட்லாந்துக்கு RA000587 என்று தனி எண். ஒரே ஐக்கிய இராச்சியம் என்றாலும் பதிவேடுகள் வேறு. 02263951 என்பது அந்தப் பதிவகம் கொடுத்த கம்பெனி எண்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் வரும். எட்டு இலக்கத்தை மட்டும் வைத்து எதுவும் செய்ய முடியாது, அதே இலக்கங்கள் வேறு நாட்டுப் பதிவேட்டில் வேறொருவருக்கு இருக்கலாம். பதிவகம் தெரிந்துவிட்டால் கதவு திறக்கிறது. கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் இயக்குநர்கள் பெயர், ஆண்டுக் கணக்குகள், சொத்தின் மேல் உள்ள அடமானங்கள் எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். இந்த நிறுவனம் பங்குதாரர் பொறுப்புக்கு வரம்பில்லாத வகையைச் சேர்ந்தது என்ற முக்கியமான செய்தியும் அங்கே இருக்கிறது. லேமனின் லண்டன் நிறுவனமும் அதே வகைதான். அது என்ன வினையைக் கொண்டுவந்தது என்று பிறகு சொல்கிறேன்.

எந்தப் பதிவகம் என்பதே பாதி செய்தி. இதே குழுமத்தின் தாய் நிறுவனமான தி கோல்ட்மன் சாக்ஸ் குரூப்பின் எண் 784F5XWPLTWKTBV3E584. அதன் பதிவில் RA000602 என்று இருக்கும், அது அமெரிக்காவின் டெலவேர் மாநிலப் பதிவகம். தலைமையகம் நியூயார்க்கில் இருக்கிறது, சட்டப்படி பிறந்த ஊர் டெலவேர். டெலவேர் பதிவகத்தில் இலவசமாகத் தேடினால் பெயர், கோப்பு எண், தொடங்கிய தேதி, அங்குள்ள முகவரின் பெயர், இவ்வளவுதான் வரும். இயக்குநர் யார், பங்குதாரர் யார் என்பதை அது சொல்லாது. கோல்ட்மன் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்பதால் மற்ற விவரங்களை வேறு இடத்தில் தேடிக்கொள்ளலாம். சந்தையில் இல்லாத ஒரு சிறு கம்பெனிக்கு RA000602 என்று இருந்தால், அதற்கு மேல் பதிவகத்திடமிருந்து எதுவும் எதிர்பார்க்க முடியாது என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது.

பதிவில் இன்னொரு சிறிய வரியும் உண்டு. FULLY_CORROBORATED என்று இருந்தால், வழங்கு நிறுவனம் பதிவகத்தின் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது என்று பொருள். ENTITY_SUPPLIED_ONLY என்று இருந்தால், விண்ணப்பித்தவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள், பொதுப் பதிவேட்டில் ஒப்பிட வழி கிடைக்கவில்லை. பதிவகம் இல்லாத வகை அமைப்புகளுக்கு RA999999 என்ற எண் போடப்படும். ஏமாற்று என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், எத்தனையோ நிதிகளும் அறக்கட்டளைகளும் இயல்பாகவே இப்படித்தான் இருக்கும். ஆனால் அங்கே அந்த அமைப்பு உண்டான மூல ஆவணத்தை நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.

இதுவரை பார்த்தது ‘யார்’ என்ற பகுதி. முதல் ஐந்து ஆண்டுகள் எல்இஐ அதை மட்டும்தான் சொன்னது. ‘யாருடையது’ என்ற பகுதியைச் சேகரிக்கத் தொடங்கியது 2017 மே மாதத்தில்தான். லேமன் காலத்துக் கேள்விக்குப் பாதி விடையே இந்த இரண்டாம் பகுதியில் இருக்கிறது. அதிகம் தப்பாகப் படிக்கப்படுவதும் இதுவே.

பதிவில் இரண்டு தாய்களுக்கு இடம் உண்டு: நேரடித் தாய், உச்சித் தாய். பார்த்தவுடன் பங்குகளை வைத்திருப்பவர் என்று தோன்றும். அது அல்ல. இங்கே தாய் என்றால், இந்த நிறுவனத்தின் வரவு செலவையும் சொத்து கடனையும் தன் கணக்கோடு சேர்த்து ஒருங்கிணைந்த கணக்கு தயாரிக்கிற நிறுவனம். ஆடிட்டர்கள் கன்சாலிடேட்டட் கணக்கு என்று சொல்வார்களே, அது. கீழிருந்து மேலே போகும்போது அப்படிக் கணக்கு தயாரிக்கும் முதல் நிறுவனம் நேரடித் தாய். எல்லாவற்றுக்கும் மேலே, அதற்கு மேல் யாரும் சேர்த்துக்கொள்ளாத இடத்தில் இருப்பது உச்சித் தாய். பதிவில் இந்த உறவு IS_DIRECTLY_CONSOLIDATED_BY, IS_ULTIMATELY_CONSOLIDATED_BY என்று வரும். எந்தக் கணக்கு முறைப்படி, எந்தக் கணக்கு ஆண்டுக்கு, எந்த ஆவணத்தைப் பார்த்து உறுதி செய்தார்கள் என்பதும் கூடவே இருக்கும்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதல்ல. கோல்ட்மன் சாக்ஸ் இன்டர்நேஷனலின் ஆண்டறிக்கை, பங்கு வழியில் தன் அடுத்த தாய் கோல்ட்மன் சாக்ஸ் குரூப் யூகே என்ற இங்கிலாந்து நிறுவனம் என்கிறது. ஒருங்கிணைந்த கணக்கு தயாரிக்கும் குழுமத்தின் தலை அமெரிக்காவில் உள்ள தி கோல்ட்மன் சாக்ஸ் குரூப் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. பங்கு ஒரு படியில் நிற்கிறது, கணக்கு நேரே மேலே போய்விடுகிறது. இடையில் உள்ள நிறுவனம் ஒருங்கிணைந்த கணக்கு தயாரிக்காவிட்டால், எல்இஐ பதிவின் தாய் வரிசை அதைத் தாண்டிப் போகும். அந்த வரிசையைப் பங்குதாரர் பட்டியலாக நினைத்துப் படிப்பவர், நடுவில் இருக்கும் ஒரு நிறுவனத்தையே தவறவிடுவார்.

தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லேமனே சாட்சி. லண்டன் லேமனின் பங்குகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் எல்பி ஹோல்டிங்ஸ் இன்டர்மீடியட் 2 என்ற நிறுவனத்திடம் இருந்தன. மிச்சமிருந்த ஒரே ஒரு பங்கு லேமன் பிரதர்ஸ் லிமிடெட்டிடம் இருந்தது. அது இங்கிலாந்தில் குழுமத்துக்கு வேலையாட்களை வைத்திருந்த சேவை நிறுவனம். சாதாரணக் கம்பெனியாக இருந்தால் அந்த ஒரு பங்கை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் லண்டன் லேமன் பொறுப்பு வரம்பில்லாத நிறுவனம். கலைக்கும்போது சொத்து போதாவிட்டால் உறுப்பினர்களின் சட்டைப் பையிலிருந்தும் கேட்கலாம். ஒரு பங்கு வைத்திருந்தவரும் உறுப்பினர்தான். யார் எவ்வளவு தரவேண்டும், யாருடைய கடன் வரிசையில் முன்னே நிற்கும் என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து 2017 மே மாதம் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. கடைசியில் லண்டன் லேமன் தன் கடன்காரர்களுக்கு முழு அசலையும் கொடுத்து, அதற்கு மேலும் பல நூறு கோடி பவுண்டு மிச்சம் வைத்தது என்பது தனிக் கதை. அந்த மிச்சம் யாருக்கு என்பதும் வழக்கின் பகுதிதான்.

அந்த நாளில் எல்இஐ இருந்திருந்தால் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. லண்டன் லேமனின் பதிவில் RA000585 இருந்திருக்கும், கம்பெனி எண் இருந்திருக்கும், உச்சித் தாயாக டெலவேரில் பதிவான லேமன் பிரதர்ஸ் ஹோல்டிங்ஸ் இருந்திருக்கும். எந்த லேமன் என்ற கேள்விக்கு வாரக்கணக்கில் கோப்புகளைப் புரட்டியவர்களுக்குச் சில நிமிடங்களில் விடை கிடைத்திருக்கும். வெள்ளிக்கிழமை இரவு வழக்கம்போல் லண்டனிலிருந்து நியூயார்க்குக்குப் போன பணம் திங்களன்று திரும்பாமல் போனதை எந்த எண்ணாலும் தடுத்திருக்க முடியாது. சேவை நிறுவனத்திடம் இருந்த அந்த ஒரு பங்கும் எல்இஐ பதிவில் தெரிந்திருக்காது, ஒரு பங்கை வைத்து யாரும் கணக்கை ஒருங்கிணைப்பதில்லை. அதைப் பார்க்கப் பதிவகத்தின் கதவைத் தட்டி, பங்குதாரர் விவரத்தைத் திறந்திருக்க வேண்டும்.

தாயின் பெயரே இல்லாத பதிவுகளும் ஏராளம். தாயைச் சொல்லாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்பது விதி. காரணங்களைப் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். NATURAL_PERSONS என்றால் கட்டுப்பாடு தனி மனிதர்களின் கையில் இருக்கிறது, நடுவில் ஒருங்கிணைந்த கணக்கு தயாரிக்கும் நிறுவனம் இல்லை. NON_CONSOLIDATING என்றால் மேலே ஒரு நிறுவனம் இருக்கிறது, ஆனால் ஒருங்கிணைந்த கணக்கு தயாரிக்கும் கடமை அதற்கு இல்லை. NO_KNOWN_PERSON என்றால் கட்டுப்படுத்துபவர் என்று யாரையும் சுட்ட முடியாது, பங்குகள் பலரிடம் சிதறிக் கிடக்கும் கம்பெனிகளில் இது இயல்பு. NON_PUBLIC என்றால் தாய் உண்டு, வெளியே சொல்லச் சட்டமோ ஒப்பந்தமோ தடுக்கிறது. சட்டத் தடை, சம்மதம் கிடைக்கவில்லை, சொன்னால் பாதிப்பு வரும் என்று முன்பு தனித்தனிக் காரணங்களாக இருந்தவற்றை 2022இல் NON_PUBLIC என்ற ஒரே பெயருக்குள் போட்டுவிட்டார்கள். படிப்பவருக்கு இது இழப்பு என்பது என் கருத்து. சம்மதம் கிடைக்கவில்லை என்பதற்கும் சட்டம் தடுக்கிறது என்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது, இப்போது இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன.

இந்தக் காரணங்களைப் படிக்கத் தெரிவது இன்று நம் ஊருக்கும் தேவைப்படுகிறது. ரிசர்வ் வங்கி பெரிய கடனாளிகளுக்கு எல்இஐயைக் கட்டாயமாக்கியது. 2021 ஏப்ரலில் இருந்து 50 கோடி ரூபாய்க்கும் அதற்கு மேலும் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் வழியாக நிறுவனங்கள் அனுப்பும் பணத்துக்கு இந்த எண் வேண்டும் என்றது. பிறகு கடன் வரம்பைப் படிப்படியாக இறக்கி, 2025 ஏப்ரல் முடிவுக்குள் வங்கிகளில் மொத்தம் 5 கோடி ரூபாயும் அதற்கு மேலும் கடன் வைத்திருக்கும் நிறுவனங்கள் வரை கொண்டுவந்துவிட்டது. கொங்கு நாட்டில் ஓரளவு பெரிய நூற்பாலை எதுவும் இந்த வலைக்குள் வந்துவிடும்.

ஒரு குடும்பத்துக்கு மூன்று கம்பெனிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நூற்பாலை, ஒன்று ஆயத்த ஆடை ஏற்றுமதி, ஒன்று காற்றாலை மின்சாரம். மூன்றிலும் பங்குகள் அண்ணன், தம்பி, அவர்கள் மனைவியர் பெயரில். மூன்றுக்கும் இந்தியக் கம்பெனிப் பதிவகத்தின் தனித்தனி சிஐஎன், தனித்தனி எல்இஐ. மூன்று பதிவிலும் நேரடித் தாய், உச்சித் தாய் இரண்டு இடத்திலும் NATURAL_PERSONS என்றே வரும். எல்லாம் விதிப்படி சரி, யாரும் எதையும் மறைக்கவில்லை. ஆனால் எல்இஐ தரவை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று தீவுகள் தெரியும். ஏற்றுமதிக் கம்பெனிக்குப் பணம் வராமல் போனால் நூற்பாலைக்கும் அடி விழும் என்பது அந்தப் படத்தில் இருக்காது.

இப்போது நூற்பாலை, காற்றாலைக் கம்பெனியின் 70 சதவீதப் பங்கை வாங்கிவிடுகிறது என்று கொள்ளுங்கள். கம்பெனிகள் சட்டத்தின் 129ஆம் பிரிவுப்படி நூற்பாலை இனி ஒருங்கிணைந்த கணக்கு தயாரிக்க வேண்டும். காற்றாலைக் கம்பெனியின் எல்இஐ பதிவிலும் NATURAL_PERSONS போய், நேரடித் தாய், உச்சித் தாய் இரண்டு இடத்திலும் நூற்பாலையின் எண் வரவேண்டும். நூற்பாலையின் பதிவு அப்படியே NATURAL_PERSONS ஆக நிற்கும். ஆனால் நடைமுறையில் இது உடனே மாறிவிடுவதில்லை. மார்ச் முடிந்து, கணக்கு தணிக்கையாகி, செப்டம்பரில் பொதுக்குழு கூடி, பிறகு எல்இஐ புதுப்பிக்கும் நாள் வரும்போதுதான் பல கம்பெனிகள் இதை நினைக்கின்றன. அதுவரை பதிவு பழைய குடும்பத்தைத்தான் காட்டும்.

அதனால் தேதிகளைப் பார்க்காமல் தாயைப் படிக்கக் கூடாது. எல்இஐயை ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்திருந்தால் ISSUED, தவறியிருந்தால் LAPSED. LAPSED என்றால் கம்பெனி மூடிவிட்டது என்று பொருளல்ல, விவரத்தை யாரும் அண்மையில் சரிபார்க்கவில்லை என்று பொருள். கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்பதற்கு ACTIVE, INACTIVE என்று தனி வரி இருக்கிறது. ACTIVE, LAPSED இரண்டும் ஒரே பதிவில் வருவது அன்றாடம் நடப்பது. கடனுக்காக எண் வாங்கி, கடன் முடிந்ததும் மறந்துவிட்ட கம்பெனிகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அந்தப் பதிவில் உள்ள முகவரியையும் தாயையும் பழைய செய்தியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று கம்பெனிக் குடும்பத்தின் முழுப் படம் வேண்டுமானால் வழி இருக்கிறது, ஆனால் அது எல்இஐ தளத்தில் இல்லை. பதிவில் உள்ள சிஐஎன்-ஐ எடுத்துக்கொண்டு கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்துக்குப் போய், கட்டணம் கட்டி நிதிநிலை அறிக்கையை இறக்க வேண்டும். அதன் பின்பகுதியில், கணக்குக் குறிப்புகளில், சம்பந்தப்பட்ட தரப்பினரோடு நடந்த கொடுக்கல் வாங்கல் என்று ஒரு குறிப்பு இருக்கும். நூற்பாலை ஏற்றுமதிக் கம்பெனிக்கு எத்தனை கோடிக்கு நூல் விற்றது, அதில் எவ்வளவு இன்னும் வரவேண்டும் என்பதும், காற்றாலையின் கடனுக்கு யார் ஜாமீன் போட்டார்கள் என்பதும் பெயர் சொல்லி அங்கே எழுதியிருக்கும்.